பார்த்து எழுதியதைப் புகாராகக் கொடுத்த பின் பெற்றோருக்கு எழுதும் கடிதம்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மாணவர் தேர்வில் பார்த்து எழுதியிருப்பது தெரிந்து, அதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள். அடுத்து பெற்றோருக்குக் கடிதம். அதில் அவர்கள் தேடுவது மூன்று விஷயங்கள்: என்ன நடந்தது, ஆசிரியர் அதை ஏன் தலைமையாசிரியர் வரை கொண்டுபோனார், இனி என்ன நடக்கும். நடுவில் உள்ள கேள்விக்குப் பல கடிதங்களில் பதிலே இருக்காது. பெற்றோர் கோபத்தோடு பள்ளிக்கு வருவது பெரும்பாலும் அதனால்தான்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். பதினொன்றாம் வகுப்பு, கணக்குப்பதிவியல், வகுப்பாசிரியர் தாமே நடத்திய 50 மதிப்பெண் மாதத் தேர்வு. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது என்பதற்காக ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு வினாத்தாள். கணக்குகள் ஒரே மாதிரி, தொகைகள் மட்டும் வேறு. 14ஆவது கேள்வி நேர்கோட்டு முறையில் தேய்மானம். ‘அ’ தாளில் இயந்திரத்தின் விலை 1,80,000 ரூபாய். ‘ஆ’ தாளில் 2,40,000. நிறுவுகைச் செலவு 20,000, இறுதி மதிப்பு 20,000, ஆயுள் 10 ஆண்டுகள் என்பவை இரண்டிலும் ஒன்றே. ‘அ’ தாளுக்குச் சரியான விடை ஆண்டுக்கு 18,000. ‘அ’ தாள் வாங்கிய மாணவர் 2,40,000 என்று தொடங்கி, 24,000 என்று முடித்திருக்கிறார். அவர் கையில் இருந்த தாளில் 2,40,000 என்ற எண் எங்குமே இல்லை.

இந்த நிகழ்வுக்கு எழுதும் கடிதத்தில் வரும் முதல் தவறு, பார்த்ததை எழுதாமல் தீர்ப்பை எழுதுவது. “தங்கள் மகன் கையும் களவுமாகப் பிடிபட்டான்” என்று ஒரு வரி எழுதினால் போதும், அப்பா கேட்கும் முதல் கேள்வி “நீங்க கண்ணால பார்த்தீங்களா சார்?” என்பதாகத்தான் இருக்கும். இந்த நிகழ்வில் யாரும் கண்ணால் பார்க்கவில்லை, விடைத்தாள்தான் காட்டிக்கொடுத்தது. அதனால் கடிதத்திலும் விடைத்தாள்தான் பேச வேண்டும். கேள்வி எண், அவருக்குக் கொடுத்த தாள், அதிலிருந்த தொகை, அவர் எழுதிய தொகை. இந்த நான்கும் இருந்தால் ‘ஏமாற்று’, ‘திருட்டு’ போன்ற சொற்களுக்குத் தேவையே இருக்காது. கணக்கு தெரியாத பெற்றோருக்கும் 1,80,000 வேறு, 2,40,000 வேறு என்பது புரியும்.

எல்லா ஒற்றுமையும் சான்று ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ‘அ’ தாளில் இருவர் 16,000 என்று ஒரே தவறான விடை எழுதியிருந்தால் அது எதையும் நிரூபிக்காது. நிறுவுகைச் செலவைக் கூட்ட மறந்தால் யாருக்கும் 16,000தான் வரும். விடைத்தாள் கட்டைப் புரட்டினால் அதே தவறை இன்னும் பலர் செய்திருப்பார்கள். புகார் எழுதுவதற்கு முன் வகுப்பின் மொத்தத் தாளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அந்த எண் வேறு எந்த வழியில் வந்திருக்க முடியும் என்று நீங்களே கேட்டு, வேறு வழியில்லை என்றால் மட்டும் அதைச் சான்றாகக் கடிதத்தில் வையுங்கள்.

இரண்டாவது தவறுதான் பெரிது: புகார் கொடுத்த முடிவை விதியின் பின்னால் ஒளித்துவைப்பது. “பள்ளி விதிகளின்படி எனக்கு வேறு வழியில்லை” என்று எழுதுவது சுலபம். ஆனால் பெற்றோருக்குத் தெரியும், மாதத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணைச் சுழித்துவிட்டு, பையனைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள் என்று. ‘நம்ம பையன் மேல மட்டும் ஏன்?’ என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது. ஆகவே நேராகச் சொல்லுங்கள்: முடிவு எடுத்தது நான், காரணம் இது. நீங்களே தனியாகத் தண்டனை கொடுத்து முடித்தால், மாணவர் தன் தரப்பை வேறு யாரிடமும் சொல்ல வாய்ப்பில்லை. நீங்கள் தவறாகப் புரிந்திருந்தாலும் திருத்த ஆளில்லை. அடுத்த மாதம் இன்னொருவர் அதையே செய்தால் அவருக்கும் அதே அளவுகோல்தான் என்பதற்கும் உறுதியில்லை. இந்தக் காரணங்களை இரண்டே வரியில் எழுதலாம். அந்த இரண்டு வரிதான் கடிதத்தின் உயிர்.

இதன் மறுபக்கமாக ஒரு தவறு உண்டு. “எனக்கே மனசு கேட்கவில்லை, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்” என்று எழுதுவது. அன்பாகத் தோன்றும், ஆனால் படிக்கும் அம்மாவுக்கு அது ‘கேட்டால் விட்டுவிடுவார்’ என்ற செய்தியாகப் போய்ச் சேரும். அதன் பிறகு புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிக் கெஞ்சுவார்கள். உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்காக அவர்களைக் கெஞ்ச வைக்கக் கூடாது.

புகார் கொடுப்பது உங்கள் வேலை; தண்டனையைத் தீர்மானிப்பது உங்கள் வேலையில்லை. இரண்டும் கலந்துவிடுவது மூன்றாவது தவறு. “டி.சி. கொடுக்க நேரிடும்”, “பொதுத்தேர்வு எழுத முடியாமல் போகும்” என்று எழுதும் வழக்கம் உண்டு. பள்ளி அளவிலான ஒரு மாதத் தேர்வுக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பொதுத்தேர்வுக்கும் சம்பந்தமில்லை. நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்தினால், நடந்ததைச் சொன்னதையும் நம்ப மாட்டார்கள். எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளை என்றால் இந்த மிரட்டல் சட்டத்துக்கே எதிரானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அதன் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. “முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை, இந்த நாளில் பேசுவோம்” என்று மட்டும் எழுதுங்கள்.

நடையிலும் கவனம் வேண்டும். ‘மேற்படி மாணவன்’, ‘தவறும் பட்சத்தில்’ என்று எழுதினால் கோர்ட் நோட்டீஸ் வந்ததுபோல் வீடு கலங்கும். ‘அவன்’ என்பது வகுப்பில் பேச்சு வழக்கில் சரி. பள்ளிக் கோப்பில் தங்கப்போகும் கடிதத்தில் ‘எழுதியுள்ளார்’ என்றே இருக்கட்டும்.

யாரைப் பார்த்து எழுதினார் என்ற பெயரைக் கடிதத்தில் போடவே கூடாது. அந்த மாணவர் தானே விடையைக் காட்டினாரா, தெரியாமல் பார்க்கப்பட்டாரா என்பது தனி விசாரணை. பெயர் போனால் அன்று இரவே இரண்டு வீட்டுக்கும் சண்டை. விடைத்தாள் நகல் காட்டும்போதும் இவருடைய தாள் மட்டும்தான். மற்றவருடையது தலைமையாசிரியர் அறையிலேயே இருக்கட்டும்.

கடிதம் வீட்டில் எப்படிப் படிக்கப்படும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத அப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ கடைக்காரரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்வார். தெருவுக்கே கேட்கும். ஆகவே கடிதம் போகுமுன் தொலைபேசியில் நீங்களே சொல்லிவிடுங்கள், புகார் கொடுத்த அன்றைக்கே. கடிதம் அந்தப் பேச்சை எழுத்தில் உறுதிசெய்யும், அவ்வளவுதான். பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்பினால் அது புத்தகப் பையிலேயே தங்கிவிடும். வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உறையில் ஒட்டி, பெற்றோர் பள்ளிக்கு வரும்போது நேரில் கொடுங்கள்; அல்லது விரைவுத் தபால்.

மேலே சொன்ன நிகழ்வுக்கு எழுதினால் கடிதம் இப்படி அமையும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

“மதிப்பிற்குரிய பெற்றோருக்கு, வணக்கம். நேற்று மாலை தொலைபேசியில் பேசியதை எழுத்திலும் தெரிவிக்கிறேன். 12.11.2025 அன்று நடந்த கணக்குப்பதிவியல் மாதத் தேர்வில் தங்கள் மகனுக்கு ‘அ’ வினாத்தாள் கொடுக்கப்பட்டது. அதில் 14ஆவது கேள்வியில் இயந்திரத்தின் விலை 1,80,000 ரூபாய். அவர் விடைத்தாளில் 2,40,000 என்று எடுத்துக் கணக்கைச் செய்துள்ளார். இந்தத் தொகை ‘ஆ’ வினாத்தாளில் மட்டுமே உள்ளது. 13ஆம் தேதி வகுப்பாசிரியர் என்ற முறையில் நானும் உதவித் தலைமையாசிரியரும் அவரிடம் கேட்டோம். ‘நேரம் போதவில்லை, பார்த்துவிட்டேன்’ என்று அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே குறித்துள்ளேன்.

அன்றே இதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்தேன். அந்த முடிவு என்னுடையது. மதிப்பெண்ணை நானே குறைத்து முடித்திருந்தால், அவர் தன் தரப்பைச் சொல்ல இன்னொருவர் இருந்திருக்க மாட்டார். என் கணிப்பில் பிழை இருந்தாலும் தெரிந்திருக்காது. எல்லா மாணவருக்கும் ஒரே நடைமுறை இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

என்ன நடவடிக்கை என்பது இன்னும் முடிவாகவில்லை. 17.11.2025 திங்கட்கிழமை காலை 10.30 மணிக்குத் தலைமையாசிரியர் அறையில் தங்களையும் மகனையும் சந்திக்க விரும்புகிறோம். அவருடைய விடைத்தாளையும் வினாத்தாளையும் அப்போது பார்க்கலாம். அந்த நேரம் வசதிப்படாவிட்டால் பள்ளி அலுவலகத்தில் சொன்னால் மாற்றித் தருவோம். அதுவரை வீட்டில் அவரை அடிக்கவோ கடுமையாகப் பேசவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தேய்மானப் பாடத்தில் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று எனக்குத் தெரிகிறது. அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்கியுள்ளேன்.”

‘அடிக்க வேண்டாம்’ என்ற வரியைத் தயக்கத்தில் பலர் எழுதாமல் விடுகிறார்கள். விடாதீர்கள். பள்ளியிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்தால் பல வீடுகளில் முதலில் நடப்பது அடிதான். ஆசிரியர் எழுத்தில் கேட்டுக்கொண்டது என்றால் அம்மா அதைக் காட்டித் தடுக்க முடியும். கடைசி வரியும் பாராட்டுக்காகச் சேர்த்ததில்லை. ‘உங்கள் மகன் மிக நல்ல பையன், ஆனால்’ என்று தொடங்கும் கடிதங்களில் ‘ஆனால்’ மட்டும்தான் பெற்றோர் காதில் விழும். பாடத்தில் எங்கே தடுமாறுகிறார் என்று குறிப்பாகச் சொன்னால், ஆசிரியர் அவரைக் கைவிடவில்லை என்பது தெரியும். அப்படி எழுதினால் அந்த நேரத்தை உண்மையிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும்.

கடிதத்தில் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நகல் ஒன்றில் பெற்றோரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி, மூல விடைத்தாள், இரண்டு வினாத்தாள்கள், மாணவர் சொன்னதன் குறிப்பு ஆகியவற்றோடு ஒரே உறையில் தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள். கையெழுத்து வாங்கும்போது ‘கடிதம் பெற்றுக்கொண்டேன்’ என்ற வாசகம் மட்டும் போதும். ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதி வாங்கினால் திங்கட்கிழமை சந்திப்புக்கு அர்த்தமே இருக்காது.