சிங்கப்பூர் போனதும் ஆப் ஸ்டோரின் நாட்டை மாற்றப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஐபோன், அதில் இந்திய ஆப்பிள் அக்கவுன்ட். அங்கே போனதும் உள்ளூர் ஆப் ஒன்றைத் தேடுகிறீர்கள், வரவில்லை. சரி, உள்ளூர் சிம் போட்டால் வரும் என்று பார்த்தால் அப்போதும் வரவில்லை. ஆப் ஸ்டோர் பார்ப்பது நீங்கள் நிற்கிற இடத்தை அல்ல, அக்கவுன்ட்டில் பதிந்திருக்கும் நாட்டை. அதனால் விபிஎன் போட்டாலும் பலன் இல்லை.

கிஃப்ட் கார்டுக்கும் இதே கதைதான். அங்கிருக்கும் சித்தப்பா 50 சிங்கப்பூர் டாலர் ஆப்பிள் கார்டு வாங்கித் தருகிறார். X என்று தொடங்கும் 16 எழுத்துக் குறியீட்டை இந்திய அக்கவுன்ட்டில் போட்டால் ஏற்காது. டாலரை ரூபாயாக மாற்றித் தரும் வசதி கிடையாது. எந்த நாட்டில் விற்ற கார்டோ அந்த நாட்டு ஸ்டோரில் மட்டுமே செல்லும். ஆனால் பயப்பட வேண்டாம், கார்டு வீணாகிவிடவில்லை. குறியீட்டை யாருக்கும் காட்டாமல் பத்திரமாக வைத்திருங்கள். சிங்கப்பூர் அக்கவுன்ட் தயாரானதும் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது நாட்டை மாற்றும் வேலை.

படி 1: மீதிப் பணத்தைத் தீருங்கள். இந்தியாவில் பலரும் யுபிஐ மூலம் அக்கவுன்ட்டில் பணம் போட்டு, அதிலிருந்து சந்தா கட்டுகிறோம். ஒரு ரூபாய் மிச்சம் இருந்தாலும் நாட்டை மாற்ற முடியாது. 180 ரூபாய் இருந்தால் அதற்குள் அடங்கும் ஆப்போ புத்தகமோ வாங்கிவிடுங்கள். எதுவும் வாங்க முடியாத அளவுக்கு 7 ரூபாய் மாதிரி நின்றுவிட்டால் ஆப்பிள் வாடிக்கையாளர் சேவையிடம் சொல்லுங்கள், அதைத் தீர்க்க உதவுவார்கள். ரீஃபண்ட் ஏதாவது வர வேண்டியிருந்தால் அது வந்து சேரும்வரை காத்திருங்கள்.

படி 2: சந்தாக்களை நிறுத்துங்கள். பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆப் ஸ்டோர் வழியாக எடுத்த சந்தாவை ரத்து செய்தால் மட்டும் போதாது, அதன் காலமும் முடிய வேண்டும். மாதச் சந்தா என்றால் சில வாரம். ஜனவரியில் ஓராண்டுச் சந்தா எடுத்துவிட்டு ஏப்ரலில் கிளம்பினால், அடுத்த ஜனவரி வரை அது ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாடு போவது உறுதியானதுமே ஆண்டுச் சந்தா எடுப்பதை விட்டுவிடுங்கள்.

படி 3: குடும்பக் குழு. அண்ணனின் ஃபேமிலி ஷேரிங்கில் இருந்தால், நாட்டை மாற்றுவதற்கு முன் அதிலிருந்து விலக வேண்டி வரலாம். குழுவில் எல்லோரும் ஒரே நாட்டு அக்கவுன்ட்டில் இருக்க வேண்டும்.

படி 4: வாங்கியவற்றை இறக்குங்கள். காசு கொடுத்து வாங்கிய படம், பாட்டு, ஆப் எல்லாம் புதிய நாட்டு ஸ்டோரில் இல்லாமல் போகலாம். போனில் முன்கூட்டியே டவுன்லோடு செய்து வையுங்கள்.

படி 5: மாற்றுங்கள். Settings திறந்து உங்கள் பெயரைத் தொட்டு, Media & Purchases, View Account, Country/Region என்று போங்கள். சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்ததும் அங்கே செல்லும் கட்டண முறையும் அந்த ஊர் முகவரியும் கேட்கும். அதனால் சிங்கப்பூர் வங்கி கார்டு கைக்கு வந்த பிறகு இதைத் தொடங்குவதே நல்லது.

ஆண்டுச் சந்தா ஓடுகிறது, ஆனால் அந்த ஆப் இன்றே வேண்டும் என்றால்? பழைய அக்கவுன்ட்டைத் தொடாதீர்கள். வேறு மின்னஞ்சலில் சிங்கப்பூர் அக்கவுன்ட் ஒன்றைப் புதிதாகத் தொடங்குங்கள். பிறகு Media & Purchases-இல் மட்டும் Sign Out கொடுத்து, புதியதில் நுழையுங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் பெரிய Sign Out வேண்டாம். அது ஐகிளவுடிலிருந்தே உங்களை வெளியேற்றிவிடும். ஸ்டோரை மட்டும் மாற்றினால் உங்கள் படங்களும் தொடர்பு எண்களும் பழைய அக்கவுன்ட்டிலேயே அப்படியே இருக்கும். சித்தப்பா தந்த கார்டையும் இந்தப் புதிய அக்கவுன்ட்டில் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வழியில் இரண்டு சங்கடங்கள் உண்டு. இந்திய அக்கவுன்ட்டில் இறக்கிய ஆப்பை அப்டேட் செய்யும்போது பழைய கடவுச்சொல்லைக் கேட்கும், அதை மறந்துவிடக் கூடாது. இன்னொன்று, புதிய அக்கவுன்ட்டில் தானியங்கி டவுன்லோடை இயக்கினாலோ ஆப்பிள் மியூசிக் சந்தா எடுத்தாலோ போன் அந்த அக்கவுன்ட்டோடு இணைக்கப்பட்டுவிடும். அப்புறம் அதை வேறொரு அக்கவுன்ட்டோடு இணைக்க 90 நாள் காத்திருக்க வேண்டும். தேவையான ஆப்பை மட்டும் இறக்கிக்கொண்டு, அன்றே பழைய அக்கவுன்ட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.