வேம்பா, துருக்க வேம்பா: படத்தைப் பார்த்து முடிவு செய்யும்போது நேரும் தவறுகள்

சென்ற மார்கழியில், டேராடூனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் மூன்று படங்களை அனுப்பி, “மாமா, இங்கேயும் வேப்பமரம் இருக்கிறது, பழம் கொத்துக் கொத்தாகப் பழுத்திருக்கிறது, பொறுக்கிக் கொட்டையை இடித்து மாடித் தோட்டத்துச் செடிகளுக்குத் தெளிக்கலாமா?” என்று கேட்டிருந்தான். முதல் படத்தில் இலையே இல்லாத ஒரு மரத்தின் கிளைகளில் மஞ்சள் பழங்கள் தொங்கின. இரண்டாவது படத்தில், அடிமரத்தில் கிளைத்த ஒரு இளங்கிளையில் மிஞ்சியிருந்த இலையை ஒடித்து உள்ளங்கையில் வைத்திருந்தான். மூன்றாவதில் ஒரு கைப்பிடிப் பழம் இருந்தது. இலைப் படத்தை மட்டும் பார்த்தால் எவருக்கும் வேப்பிலை என்றே தோன்றும். ஆனால் அது வேம்பின் நெருங்கிய உறவான, பழம் நச்சுத்தன்மை கொண்ட மற்றொரு மரம். அங்கே அதை ‘பகாயின்’ என்றும், பஞ்சாபில் ‘தரேக்’ என்றும் அழைக்கிறார்கள்.

தமிழில் இதற்குத் துருக்க வேம்பு, மலைவேம்பு ஆகிய இரு பெயர்களும் வழங்குகின்றன. இரண்டாவது பெயரில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் நாற்றுப் பண்ணைகளில் மலைவேம்பு என்று கேட்டால், பெரும்பாலும் ஒட்டுப்பலகை மரத்துக்காக வளர்க்கப்படும் மெலியா டூபியா என்ற வேறோர் இனத்தைத்தான் கொடுப்பார்கள். அதனால் இங்கே மெலியா அசெடராக் என்ற இனத்தை மட்டும் துருக்க வேம்பு என்று குறிப்பிடுகிறேன். அறிவியல் பெயர்களிலும் இந்தக் குழப்பத்தின் தடம் இருக்கிறது. லின்னேயஸ் 1753-இல் வேம்பையும் துருக்க வேம்பையும் ஒரே பேரினத்தில் சேர்த்து, ஒன்றுக்கு மெலியா அசாடிராக்டா என்றும் மற்றொன்றுக்கு மெலியா அசெடராக் என்றும் பெயரிட்டார். இரண்டு பெயர்களும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. 1830-இல்தான் வேம்பு தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டு அசாடிராக்டா இண்டிகா ஆயிற்று.

படத்தைப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு, இலை விளிம்பில் ரம்பப் பல் தெரிந்தவுடனே வேம்பு என்று முடிவு கட்டுவது. இரண்டு மரங்களின் சிற்றிலைகளுக்குமே பல் விளிம்பு உண்டு. வேம்பில் அந்தப் பற்கள் பெரும்பாலும் நுனியை நோக்கிச் சாய்ந்து, ஓரளவு ஒழுங்காக அமைந்திருக்கும். சிற்றிலையே அரிவாள் போல ஒரு பக்கம் வளைந்து, அடிப்பகுதியில் நடு நரம்பின் ஒரு புறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருக்கும். துருக்க வேம்பின் சிற்றிலை அந்த அளவுக்கு வளையாமல் முட்டை வடிவில் தொடங்கிக் கூரிய நுனியில் முடியும். அதன் பற்கள் சில இடங்களில் கூராகவும், சில இடங்களில் மழுங்கியும், சில சிற்றிலைகளில் அடியில் ஆழமான வெட்டு விழுந்தும் காணப்படும். ஆனால் ஒரே மரத்தின் இளங்கிளையிலும் முதிர்ந்த கிளையிலும் இவை மாறுபடுவதால், விளிம்பைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விதையிலிருந்து அண்மையில் முளைத்த நாற்றாக இருந்தால் விளிம்பைப் பார்க்கவே வேண்டாம். வேப்ப நாற்றின் முதல் இலைகளே வளர்ந்த வேப்பிலையைப் போல இருப்பதில்லை.

பார்க்க வேண்டியது இலையின் கட்டமைப்பு. வேப்பிலையில் நாம் ஈர்க்கு என்று சொல்லும் நடுக்காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் நேரடியாக ஒட்டியிருக்கும். அந்த ஈர்க்கு கிளைப்பதில்லை. துருக்க வேம்பில் முதன்மை ஈர்க்கிலிருந்து இரு பக்கமும் சிறு ஈர்க்குகள் பிரிந்து, அவற்றின் மீதுதான் சிற்றிலைகள் அமையும். சில இலைகளில் அவை மறுபடியும் ஒரு முறை கிளைக்கும். மரத்தடியில் நின்று பார்ப்பவருக்கு இது உடனே தெரிந்துவிடும். படத்தில்தான் ஏமாற்றம் நேர்கிறது. துருக்க வேம்பின் ஒரு சிறு ஈர்க்கை மட்டும் ஒடித்தோ, நெருங்கிச் சென்றோ படமெடுத்தால், அது அச்சு அசலாக ஒரு முழு வேப்பிலையைப் போலவே தோன்றும். என் அக்கா மகன் உள்ளங்கையில் வைத்திருந்ததும் அப்படி ஒடித்த ஒரு துண்டுதான்.

முழு இலையா, துண்டா என்று அறிய, அடிப்பகுதி படத்தில் இருக்க வேண்டும். முழு இலையின் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் சற்றுப் பருத்திருக்கும். அந்தக் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு உட்கார்ந்திருக்கும். துருக்க வேம்பின் சிறு ஈர்க்கு முதன்மை ஈர்க்கோடு சேரும் இடத்தில் அப்படி மொட்டு இராது. மேலும், சிறு ஈர்க்குகள் எதிரெதிராக ஒரே தளத்தில் விரிந்திருக்கும். வேம்பின் இலைகளோ கிளை நுனியைச் சுற்றிப் பல திசைகளிலும் நெருக்கமாகப் புறப்படும். ஆகவே, படத்தில் ‘இலைகள்’ எல்லாம் ஒரு விசிறியைப் போலத் தட்டையாக, இரண்டிரண்டாக எதிர்நோக்கி நின்றால், நீங்கள் பார்ப்பது பல வேப்பிலைகள் அல்ல, ஒரே ஒரு துருக்க வேம்பிலை என்று ஐயப்பட வேண்டும். அக்கா மகனிடம், இலை கிளையில் ஒட்டியிருக்கும் இடம் தெரியும்படி மறுபடியும் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் ஒரே காம்பிலிருந்து நான்கு இணை ஈர்க்குகள் பிரிந்திருந்தன. கக்க மொட்டு அந்தக் காம்பின் அடியில் மட்டுமே இருந்தது. வேம்பு இல்லை என்பது அத்தோடு உறுதியாயிற்று.

ஆனால் வேம்பு இல்லை என்பதும் துருக்க வேம்பு என்பதும் ஒன்றல்ல. மேலே சொன்ன மெலியா டூபியாவுக்கும் கிளைத்த ஈர்க்குகள்தான். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் எடுத்த படம் என்றால் இதை மறக்கவே கூடாது. அங்கே பூவும் பழமும் கைகொடுக்கும்.

பூவில் நேரும் தவறு நிறத்தைப் பற்றியது. வேப்பம்பூ வெண்மையாக, ஒரு செண்டிமீட்டர் அகலத்துக்கு மேற்படாமல், இலைக் கக்கங்களிலிருந்து தொங்கும் தளர்ந்த கொத்துகளில் இருக்கும். பங்குனி, சித்திரையில் பச்சடிக்காகப் பூவை உலர்த்தி வைக்கும் வீடுகளில் அதன் அளவு எல்லாருக்கும் பழக்கம். துருக்க வேம்பின் பூ அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அகலம். இதழ்கள் வெளிர் ஊதா. ஆனால் உச்சி வெயிலில் எடுத்த படங்களிலும், உதிரும் தறுவாயில் உள்ள பூக்களிலும் அந்த வெளிர் ஊதா வெளுத்து வெள்ளையாகவே தெரியும். ஆகவே இதழின் நிறத்தை நம்பாமல், பூவின் நடுவே நிற்கும் சிறு குழலைப் பாருங்கள். மகரந்தப் பைகளைத் தாங்கும் அந்தக் குழல் துருக்க வேம்பில் அடர்ந்த கருஊதாவாக இருக்கும். எவ்வளவு வெளிச்சத்தில் எடுத்தாலும், வெளுத்த இதழ்களின் நடுவே மையைத் தொட்டு வைத்தது போல அது தனித்துத் தெரியும். வேம்பில் குழலும் இதழைப் போலவே வெண்மை. படம் தொலைவிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், பெரிதாக்கிப் பார்த்துக் கொத்தின் நடுநடுவே கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடலாம்.

பழத்தில்தான் பலரும் மிகுந்த நம்பிக்கையோடு தவறு செய்கிறார்கள். இரண்டும் காயில் பச்சை, பழத்தில் மஞ்சள்; இரண்டும் கொத்தாகத் தொங்குபவை. வேப்பம்பழம் நீள்வட்டமாக, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு செண்டிமீட்டர் நீளமிருக்கும். துருக்க வேம்பின் பழம் கோலிக்குண்டைப் போல ஏறக்குறைய உருண்டை. இதில் கவனிக்க வேண்டியது, நீள்வட்டப் பழம் நேராகக் கேமராவை நோக்கி நின்றால் படத்தில் அதுவும் உருண்டையாகவே தெரியும் என்பது. ஒரு பழத்தை மட்டும் பார்க்காமல், கொத்தில் பக்கவாட்டில் திரும்பியுள்ள நாலைந்து பழங்களைப் பார்த்த பிறகே வடிவத்தைச் சொல்ல வேண்டும். மெலியா டூபியாவின் பழமும் நீள்வட்டம்தான். ஆனால் அது வேப்பம்பழத்தை விடத் தெளிவாகப் பெரியது. அளவு தெரிவதற்கு ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்வது நல்லது.

வடிவத்தைக் காட்டிலும் உறுதியான சான்று கொட்டையில் இருக்கிறது. வேப்பம்பழத்தைப் பிதுக்கினால் வழுவழுப்பான ஒரு கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதன் மெல்லிய ஓட்டுக்குள் பொதுவாக ஒரே பருப்பு. துருக்க வேம்பின் கொட்டையோ மரக்கட்டையைப் போலக் கெட்டியானது. மேலிருந்து கீழாக ஐந்தாறு வரம்புகள் ஓடும். உள்ளே பல அறைகளும் அவற்றில் தனித்தனி விதைகளும் இருக்கும். நடுவில் ஊசி எளிதாக நுழைவதால், பல நாடுகளில் இந்தக் கொட்டைகளைக் கோத்து செபமாலை செய்திருக்கிறார்கள். பழத்தைச் சதை நீக்கிக் கழுவி, கொட்டையை நெருக்கத்தில் எடுத்த ஒரே ஒரு படம், மரத்தைப் பத்துக் கோணங்களில் எடுத்த படங்களை விடப் பயன்படும்.

அடுத்த தவறு, படம் எடுத்த மாதத்தைக் கேட்காமல் விடுவது. வேம்பு தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆனி, ஆடி மாதங்களில் பழுக்கும். பழுத்தவை சில வாரங்களில் உதிர்ந்துவிடும். துருக்க வேம்பின் பழம் குளிர்காலத்தில் மஞ்சளாகி, இலையெல்லாம் கொட்டிய பின்னும் சுருங்கியபடியே பல மாதங்கள் மரத்தில் தொங்கும். டிசம்பர் மாதத்து மொட்டை மரத்தில் மஞ்சள் கொத்துகள் என்ற முதல் படமே எனக்குத் தொடக்கத்தில் ஐயத்தைத் தந்தது இதனால்தான். வேம்புக்கு உறைபனி ஆகாது என்பதால், இமயமலையின் குளிர்ந்த சரிவுகளில் எடுத்த ‘வேப்பமரப்’ படங்களை மேலும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்.

படத்தில் தீராத ஐயத்தை வாயில் போட்டுத் தீர்க்கப் பார்ப்பது ஆபத்தான தவறு. துருக்க வேம்பின் இலையும் கசக்கும். கசப்பு வேம்புக்கு அடையாளம் ஆகாது. அதன் பழத்தைத் தின்றவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி நரம்பு மண்டலம் வரை பாதிப்பு ஏற்படலாம். பறவைகள் தின்கின்றனவே என்று சமாதானம் கொள்ளக் கூடாது. அவற்றுக்குத் தாங்குவது மனிதருக்கும் பன்றிக்கும் தாங்குவதில்லை. பூச்சிவிரட்டிக்காக விதை சேர்ப்பவர்களுக்கும் வேறுபாடு முக்கியம், ஏனெனில் வேப்பங்கொட்டைக் கரைசலுக்குப் பலம் தரும் அசாடிராக்டின் வேம்பின் விதைக்கு உரியது. மற்றதை அதே அளவில் இடித்துக் கலந்தால், என்ன தெளிக்கிறோம் என்றே தெரியாமல் தெளிப்பதாகிவிடும்.

அக்கா மகன் கடைசியாக அனுப்பிய படத்தில், கழுவிய மூன்று கொட்டைகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் இருந்தன. மூன்றிலும் வரம்புகள் விரலால் எண்ணும்படி எடுப்பாகத் தெரிந்தன. ஒன்றைக் குறுக்கே அறுத்திருந்தான், அதில் ஐந்து அறைகள். வேப்பங்கொட்டைக் கரைசல் திட்டத்தைக் கைவிட்டு, கையைச் சோப்பால் கழுவி, பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி அந்தப் பழங்களையெல்லாம் குழிதோண்டிப் புதைத்துவிட்டதாக அன்று மாலையே தொலைபேசியில் சொன்னான்.