பாராட்டே சொல்லாத துணையிடம் பாராட்டைக் கேட்கும்போது செய்யும் தவறுகள்

என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து, சில வாரம் சமூக மருத்துவமனையில் இருந்துவிட்டு, செங்காங்கில் உள்ள எங்கள் வீவக வீட்டுக்கு வந்தார். நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஆறு வாரம் கூடவே இருந்தேன். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறை வரை ஒரு நாளைக்கு நான்கு தடவை நடக்க வைக்க வேண்டும். இரவில் இரண்டு முறையாவது எழுப்புவார். விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய நாள் வரை என் கணவரின் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

அன்றிரவு அவர் வேலை முடிந்து வந்தபோது மணி பத்தே முக்கால். காலணியைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். "இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கறதாவது உங்களுக்குத் தெரியுதா? ஒருநாளாவது வாயத் திறந்து நல்லா செஞ்சேன்னு சொல்லியிருக்கீங்களா?" அவர் முகம் இறுகிப்போனது. "இப்ப நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அந்த இரண்டு கேள்விகளுக்குள் எத்தனை தவறுகள் இருந்தன என்று எனக்குப் புரிய நாளானது. கேட்டது தவறில்லை. கேட்ட விதம்தான் என்னைக் கெஞ்சுகிறவளாகவும் சண்டைக்கு வருகிறவளாகவும் ஒரே நேரத்தில் காட்டியது.

மௌனத்துக்கு நாமே பொருள் சொல்லிக்கொள்வது

அவர் சொல்லவில்லை, அதனால் அவருக்கு மதிப்பில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் நாத்தனாரிடம் பேசியபோதுதான் தெரிந்தது, அந்த ஆறு வாரமும் அவர் தங்கையிடம் தொலைபேசியில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். "அண்ணி இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்னு அண்ணன் சொல்லிச் சொல்லி மாளல" என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஊருக்கெல்லாம் சொல்கிறவர் என்னிடம் சொன்னால் என்ன?

நம்மில் பலர் வளர்ந்த வீடுகள் அப்படி. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்பட்டுவிடும், பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். யாரை எங்கே புகழ வேண்டும் என்று சொல்லும் பழைய தனிப்பாடல் ஒன்று உண்டு. நண்பனை அவன் இல்லாத இடத்தில் புகழ வேண்டும், ஆசிரியரை எங்கும் புகழலாம், பிள்ளைகளை மனத்துக்குள்ளேயே புகழ்ந்துகொள்ள வேண்டும் என்று அது சொல்லும். பிள்ளைகளைப் பற்றிய அந்த வரிப்படி வளர்க்கப்பட்டவர்தான் என் கணவர். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தபோதும் அவருடைய அப்பா தாளைப் பார்த்துவிட்டு "ம்" என்றாராம். காதால் கேட்டுப் பழகாத மொழி வாயில் எப்படி வரும்? அதே பாடல் மனைவியையும் புகழத்தான் சொல்கிறது, தனிமையில். அந்த வரி நம் வீடுகளில் ஏனோ விட்டுப்போயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் எரிக்கா பூத்பியும் வனெஸ்ஸா போன்ஸும் முன்பின் அறியாதவர்களிடம் போய்ப் பாராட்டாக ஒன்று சொல்லச் சொல்லிப் பார்த்தார்கள். தங்கள் சொல் எதிராளிக்கு எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதைப் போனவர்கள் குறைவாகவே கணித்திருந்தார்கள். கேட்டவருக்குச் சங்கடமாக இருக்கும் என்றுகூட நினைத்தார்கள். "இதையெல்லாம் சொல்லணுமா" என்று என் கணவர் கேட்பதும் இதே தவறான கணக்குதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே கேட்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் துணை கவனிக்கிறாரா, இல்லையா? நீங்கள் இல்லாத இடத்தில் உங்களைப் பற்றி நல்லதாகப் பேசுகிறாரா? நீங்கள் சோர்ந்திருக்கும் நாளில் சொல்லாமலேயே துணியை எடுத்துக் கம்பில் காயப் போடுகிறாரா? கவனிக்கிறவருக்குச் சொல் மட்டும்தான் இல்லை, அதைக் கேட்டுப் பெறலாம். கவனிப்பே இல்லாதவரிடம் முதலில் பேச வேண்டியது வேறு.

தூண்டில் போடுவது

"சாம்பார் எப்படி இருக்கு?" "இந்தப் புடவை எனக்கு நல்லா இருக்கா?" இப்படிக் கேட்டு, "ம், நல்லா இருக்கு" என்ற பதில் வந்ததும், "சும்மா சொல்றீங்க" என்று மறுபடி கேட்பது. நான் இதை ஆண்டுக்கணக்காகச் செய்திருக்கிறேன். நமக்கு வேண்டியது சாம்பாரைப் பற்றிய கருத்தே இல்லை, ஆனால் எதிரே இருப்பவருக்கு அது தெரியாது. அவர் உப்பைப் பற்றிப் பதில் சொல்வார், நாம் வாடிப்போவோம்.

ஏங்கிக் கேட்பது போலத் தோன்ற வைப்பது இந்தச் சுற்றுதான். பதில் வந்த பிறகும் நம்பாமல் அதையே திரும்பத் திரும்பக் கேட்கும்போது, என்ன சொன்னாலும் போதாது என்று துணைக்குத் தோன்றிவிடும், சலிப்பும் வந்துவிடும். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக, ஒரே ஒரு தடவை, நடந்த ஒரு காரியத்தைச் சுட்டிக் கேட்டால் கேட்கிறவருக்கும் கௌரவமாக இருக்கும், பதில் சொல்கிறவருக்கும் வழி தெரியும்.

"ஒருநாளாவது", "எப்பவுமே"

இந்த இரண்டு சொற்களும் வந்தால் பேச்சு அங்கேயே வழக்காக மாறிவிடும். "ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களா" என்றால், சொன்ன ஒரு நாளைத் தேடிப் பிடித்து நிரூபிப்பதில்தான் அவர் மனம் போகும். சிபில் கரேர், ஜான் காட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் புதிதாகத் திருமணமான 124 தம்பதிகள் கருத்து வேறுபாட்டைப் பேசுவதைப் பதிவு செய்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். பேச்சின் முதல் மூன்று நிமிடத்தை வைத்தே, ஆறு ஆண்டுகளுக்குள் யார் பிரிவார்கள் என்பதை ஓரளவு கணிக்க முடிந்ததாம். என்னுடையதில் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் குளியலறைக்குள் இருந்தார்.

நேரமும் இடமும் இதில் சேர்ந்தவை. வேலை முடிந்து வந்த கையோடு, பசியோடு, பிள்ளைகள் காதில் விழும்படி, அதிலும் மாமியார் அடுத்த அறையில் இருக்கும்போது கேட்கவே கூடாது. நம் வீடுகளில் கூடத்தில் பேசியது எல்லா அறைக்கும் கேட்கும். அடுத்தவர் கணவரோடு ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது ஒருமுறைகூடப் பலித்ததில்லை.

இரண்டாவது முறை நான் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்துக்கு முகம் பார்த்தால் அவருக்கு விசாரணை போல இருக்கும் என்று தெரியும். நான் சொன்னது இவ்வளவுதான்:

"அத்தைய பாத்துக்கிட்ட அந்த ஆறு வாரம் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க. செஞ்சதுல வருத்தமில்ல. ஆனா அது உங்க கண்ணுல எப்படிப் பட்டுச்சுன்னு உங்க வாயால ஒரு தடவ கேக்கணும்போல இருக்கு. இப்பவே சொல்லணும்னு இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

முதலில் என்னைப் பற்றிச் சொன்னேன், அவர் குறையைச் சொல்லவில்லை. நடந்த ஒன்றை மட்டும் எடுத்தேன். "பாராட்டுங்க" என்று கேட்காமல் "எப்படிப் பட்டுச்சு" என்று கேட்டேன். பாராட்டத் தெரியாதவருக்கும் பார்த்ததைச் சொல்லத் தெரியும். கடைசி வாக்கியம் அவருக்கு அவகாசம் கொடுத்தது. சட்டென்று பேச வராதவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

கிடைத்ததைத் தட்டிவிடுவது

எல்லாவற்றிலும் மோசமான தவறு கேட்ட பிறகுதான் நடக்கிறது.

அவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். நிறைய நேரம் ஆனது போல இருந்தது. அப்புறம் சொன்னார்: "நீ இல்லன்னா அம்மாவ நர்சிங் ஹோம்லதான் விட்டிருக்கணும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதுவா பாராட்டு? என்னை ஒரு வசதி போலச் சொல்கிறாரே என்று நாக்கு நுனிவரை வந்தது. "கேட்டதுக்கு அப்புறம் சொன்னா அதுல என்ன இருக்கு" என்று அதற்கு முன் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டு வாங்கியது உண்மையாகாது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். பழக்கமில்லாத ஒன்றை முதன்முதலாகச் செய்து பார்க்கிறார், அதற்கும் குட்டு விழுகிறது. இரண்டாவது முறை எதற்கு வாயைத் திறப்பார்? சொல்லாவிட்டால் சண்டை, சொன்னாலும் சண்டை என்றால் யாரும் சொல்லாமல்தான் இருப்பார்கள்.

நல்லவேளை, அன்று நான் வேறொன்று கேட்டேன். "அப்படின்னா என்னங்க அர்த்தம்?" சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன். அவர் கொஞ்சம் திணறினார். "அம்மா அங்க இருந்திருந்தா எனக்குத் தூக்கமே வந்திருக்காது. நீ ராத்திரியில எந்திரிச்சுப் போறது எனக்குத் தெரியும். நீ ஒரு தடவகூட அவங்ககிட்ட முகத்தச் சுளிக்கல." இரவில் அவர் விழித்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

கனடாவில் டெனிஸ் மாரிகோல்டும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதோடு ஒத்துப்போகிறது. தன்மேல் அதிக நம்பிக்கை இல்லாதவர்களுக்குத் துணையின் பாராட்டு பெரும்பாலும் உள்ளே இறங்குவதில்லை. துணை ஏன் அப்படிச் சொன்னார், தங்கள் உறவுக்கு அதன் பொருள் என்ன என்று விரித்து எழுதச் சொன்னபோதுதான் அது அவர்கள் மனத்தில் தங்கியது. அதாவது கொடுப்பவரிடம் மட்டும் குறை இருப்பதில்லை, வாங்குகிற கையும் மூடியிருக்கலாம். ஒரு சொல் வந்தால் உடனே மறுக்காமல், திருத்தாமல், அது எதைப் பற்றியது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். "நீங்க சொன்னது எனக்குச் சந்தோஷமா இருக்கு" என்று மட்டும் பதில் சொன்னால் போதும்.

அன்று அவரும் ஒன்று சொன்னார். அந்த ஆறு வாரமும் சனிக்கிழமைகளில் கூடுதல் வேலை எடுத்தது என் சம்பளம் வராத குறையை ஈடுகட்டத்தானாம். "நீயும் அதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார். எனக்குப் பதிலில்லை. அவர் வீட்டில் இல்லையே என்று அந்தச் சனிக்கிழமைகளில் நான் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

இதெல்லாம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. சொல்லத் தெரியாதவர் ஒருவர், வேண்டுமென்றே சொல்லாமல் வைத்து உங்களைக் குறுகச் செய்பவர் இன்னொருவர். பிறர் முன் மட்டம் தட்டுகிறார், நீங்கள் நிதானமாகக் கேட்டதையே பிறகு கேலி செய்கிறார், பணத்தையும் நண்பர்களையும் கட்டுப்படுத்துகிறார் என்றால் இன்னும் நயமாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சிங்கப்பூரில் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000, நாள் முழுவதும் இயங்குகிறது. மனம் நோகச் செய்வதையும் அங்கே சொல்லலாம், அடி விழுந்திருக்க வேண்டும் என்றில்லை. அந்த அளவுக்கு இல்லை, ஆனால் பேச்சு நகரவே மாட்டேன் என்கிறது என்றால், உங்கள் வட்டாரத்துக் குடும்ப சேவை நிலையத்தில் சமூக ஊழியர் ஒருவரோடு இருவரும் உட்கார்ந்து பேசலாம்.

என் கணவர் இப்போதும் அதிகம் பேசுகிறவர் இல்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். போன தீபாவளிக்கு முறுக்கைக் கடித்துவிட்டு, "நல்லா மொறுமொறுன்னு இருக்கு. போன வருஷம் கொஞ்சம் கல்லு மாதிரி இருந்துச்சு" என்றார். "சரி, இன்னொண்ணு எடுத்துக்குங்க" என்று தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.