லாக் எடுத்த ரிக்ரெஷனில் 0.52 என்பது 52 சதவீதம் அல்ல

நோயாளிகள் மருத்துவமனையில் தங்கும் நாட்களை ரிக்ரெஷனில் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் சில நாட்களில் வீடு திரும்புவார்கள்; சிலர் மாதக்கணக்கில் இருப்பார்கள். வலப்பக்கம் வால் நீண்ட இந்த எண்களுக்கு லாக் எடுப்பது வழக்கம். சிக்கல் கெழுவைப் படிக்கும்போது வருகிறது.

வயதின் கெழு 0.012 என்றால் ஒரு வயது கூடினால் தங்கும் நாட்கள் சுமார் 1.2 சதவீதம் கூடும் என்று சொல்லலாம், தவறில்லை. அவசரச் சேர்க்கைக்கான 0/1 மாறியின் கெழு 0.52 என்றால் அப்படியே 52 சதவீதம் என்று எழுதக் கூடாது. exp(0.52) = 1.682, அதாவது 68 சதவீதம் அதிகம். நூறால் பெருக்கும் குறுக்குவழி கெழு 0.1 அளவில் இருக்கும்வரைதான் தாங்கும். அங்கேயே உண்மையான மதிப்பு 10.5 சதவீதம். அதற்கு மேல் போகப் போக இடைவெளி விரியும். வயதையும் பத்து பத்தாகப் பேசினால் முதலில் கெழுவைப் பத்தால் பெருக்கி, பிறகு exp எடுக்க வேண்டும்: 12.7 சதவீதம் வரும்.

திருப்பிப் படிக்கும்போது இன்னொரு வழுக்கல். அவசர நோயாளிகள் 68 சதவீதம் அதிகம் தங்கினால், மற்றவர்கள் 68 சதவீதம் குறைவாகத் தங்குவதில்லை, exp(-0.52) = 0.595, ஆகவே 40.5 சதவீதம் குறைவு. நம்பக இடைவெளிக்கும் இதே கணக்குதான். 0.30 முதல் 0.74 வரை என்றால் இரு முனைகளையும் தனித்தனியே மாற்றுங்கள்: 35 முதல் 110 சதவீதம். 68-க்கு இருபுறமும் சமமாக இல்லையே என்று திகைக்க வேண்டாம், அப்படித்தான் இருக்கும்.

```r
m <- lm(log(days) ~ emergency + age, data = d)
100 * (exp(coef(m)) - 1)
100 * (exp(confint(m)) - 1)
```

இரண்டிலும் இடைவெட்டு வரியை விட்டுவிடுங்கள். அதைச் சதவீத மாற்றமாகப் படிக்க முடியாது.

லாக்கின் அடிமானத்தையும் பாருங்கள். ஆர் மொழியின் `log()` இயற்கை லாக், எக்செலின் `LOG()` பத்தடிமான லாக். அங்கே `LN()` வேண்டும். பத்தடிமானத்தில் எடுத்தால் இதே அவசரச் சேர்க்கையின் கெழு 0.226 ஆகச் சுருங்கும். அதை 22.6 சதவீதம் என்று அறிக்கையில் எழுதினால் விளைவில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

கணிப்பை நாட்களுக்கு மாற்றுவதில்தான் பெரிய தவறு நடக்கிறது. லாக் அளவில் கணிப்பு 1.5 என்றால் exp(1.5) = 4.48 நாட்கள். இது சராசரி அல்ல. எச்சங்கள் சமச்சீராக இருந்தால் இடைநிலை. நீண்ட நாள் தங்கும் சிலர் சராசரியை மேலே இழுப்பதால், படுக்கைகளைத் திட்டமிட இந்த எண்ணை வைத்தால் படுக்கை போதாது. எச்சங்கள் இயல்நிலைப் பரவலில் இருந்து, அவற்றின் திட்டவிலக்கம் 0.8 என்றால், exp(0.64/2) = 1.377 ஆல் பெருக்க வேண்டும்: 6.2 நாட்கள். இயல்நிலை சந்தேகமாக இருந்தால் புள்ளியியலாளர் டுவான் 1983-இல் தந்த முறைப்படி `mean(exp(resid(m)))` ஆல் பெருக்கலாம். எச்சங்களின் சிதறல் குழுவுக்குக் குழு மாறினால் ஒரே பெருக்குக்காரணி எல்லோருக்கும் பொருந்தாது. குழுவாரியாகத் தனித்தனியே கணக்கிடுங்கள்.