கொட்டகைச் சுவரில் ஒட்டும் தாள்: மாடு பார்க்க வந்தவருக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

கறவை மாடுகளை முதன்முதலாக ஒரு வேலையாளிடம் ஒப்படைத்தபோது நானும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது, தீவனம் போடுவது என்று எல்லாம் இருந்தது. கடைசி வரி, "மாடுகளின் உடல்நிலையை நன்றாகக் கவனிக்கவும்."

மூன்றாவது வாரம் ஒரு மாட்டுக்கு மடிநோய் முற்றிவிட்டது. பின் காம்பு ஒன்று பாலற்றுப் போய், அந்த ஈத்து முழுக்க மூன்று காம்பில்தான் கறந்தோம். வேலையாளைக் கேட்டேன். "ரெண்டு நாளாவே பால் திரிதிரியா வந்துச்சு அண்ணே. தீவனம் மாத்தினோமே, அதனால இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். அவர் கவனித்துத்தான் இருக்கிறார். கவனித்ததை என்ன செய்வது என்று நான்தான் எழுதவில்லை. என் தாளில் 'திரி' என்ற சொல்லே இல்லை.

அதற்குப் பிறகு எழுதிய தாளைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வரியிலும் கண்ணுக்கோ கைக்கோ தெரிகிற ஒன்று இருக்க வேண்டும். அது தெரிந்தால் என்ன செய்வது என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும்.

படி 1: ஒரு நாள் நீங்களே வேலை செய்துவிட்டு எழுதுங்கள்

வீட்டில் உட்கார்ந்து யோசித்து எழுதினால் வேலைகள் தலைப்பு வாரியாக வரும்: தீவனம், தண்ணீர், சுத்தம். வேலை செய்பவருக்கு அது உதவாது. கதவைத் திறந்ததும் முதலில் எது, அடுத்து எது என்று கை போகிற வரிசையில் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

படி 2: முதல் வரி, தீவனத்தைத் தொடும் முன் ஒரு சுற்று

காலையில் தீவனக் கூடையைத் தூக்கிவிட்டால் எல்லா மாடும் எழுந்து நின்று எட்டிப் பார்க்கும். அப்போது நோய்ப்பட்ட மாடும் நல்ல மாடும் ஒன்று போலத் தெரியும். அதனால் வெறுங்கையோடு ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இந்தச் சுற்றில் பார்க்க வேண்டியது மூன்றுதான். முதலாவது, ராத்திரி போட்ட தீவனம் யார் தொட்டியில் மிச்சம் இருக்கிறது. ஒரு மாட்டுக்கு மட்டும் மிச்சம் என்றால் அந்த மாட்டில் ஏதோ கோளாறு. எல்லாத் தொட்டியிலும் மிச்சம் என்றால் தீவனத்திலோ தண்ணீரிலோ கோளாறு. இரண்டாவது, படுத்திருக்கும் மாடுகளில் எத்தனை அசை போடுகின்றன. நலமாக இருக்கும் மாடு ஒரு நாளில் ஏழு, எட்டு மணி நேரம் அசை போடும். ஓய்வாகப் படுத்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் வாய் அசைய வேண்டும். மூன்றாவது, சாணி. தண்ணீராகப் பீய்ச்சியிருக்கிறதா, கட்டியாக அடுக்கடுக்காக விழுந்திருக்கிறதா, சளியோ ரத்தமோ கலந்திருக்கிறதா. சாணியை அள்ளிய பிறகு இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் சுத்தம் செய்வதற்கு முன்பே இந்தச் சுற்று.

படி 3: கறவையை மட்டும் விரிவாக எழுதுங்கள்

மற்ற வேலைகளுக்கு ஒரு வரி போதும். கறவைக்குப் போதாது. மடிநோய் பெரும்பாலும் கறக்கும் கை, கறக்கும் துணி, ஈரத் தரை வழியாகத்தான் வருகிறது. அதை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவரும் கறப்பவர்தான்.

ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று நான்கு பீச்சை ஒரு கறுப்புக் கிண்ணத்தில் கறக்கச் சொல்லுங்கள். கறுப்பு ஏன் என்றால், வெள்ளைப் பாலில் வெள்ளைத் திரி கறுப்பின் மேல்தான் எடுத்துத் தெரியும். வாளியில் விழுந்துவிட்டால் நுரைக்குள் மறைந்துவிடும். கிண்ணத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது அரிசி நொய் மாதிரி சின்னச் சின்னக் கட்டி ஒட்டி நின்றாலோ, பால் நீர்த்து மோர்த் தெளிவு போல ஓடினாலோ, இளஞ்சிவப்பாக இருந்தாலோ அந்த மாட்டை நிறுத்திவிட வேண்டும். மற்ற மாடுகளை எல்லாம் கறந்த பிறகு, கடைசியாக, தனிப் பாத்திரத்தில் அதைக் கறக்க வேண்டும். முதல் பீச்சைத் தரையில் விடக் கூடாது என்பதையும் எழுதுங்கள். அந்தத் தரையில்தான் அடுத்த மாடு மடியை வைத்துப் படுக்கும்.

மடியைக் கழுவினால் துடைத்து உலர்த்திய பிறகே கறக்க வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு துணி. ஈர மடியில் கறந்தால் அழுக்குத் தண்ணீர் வழிந்து காம்பு நுனிக்குத்தான் வந்து நிற்கும். கறந்து முடித்ததும் நான்கு காம்பையும் காம்பு நனைக்கும் மருந்தில் முக்க வேண்டும்.

அடுத்த வரிக்குக் காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: "கறந்தவுடன் புதுத் தீவனம் போட்டு, அரை மணி நேரம் மாட்டை நிற்க வையுங்கள்." கறந்த பிறகு காம்பின் துளை மூட ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போய்விடும். காரணம் தெரிந்தவர் அவசரமான நாளிலும் இதை விடமாட்டார்.

ஊசி போட்ட மாட்டின் பால் பற்றியும் ஒரு வரி வேண்டும். அதன் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டுங்கள். துணி இருக்கும் வரை அந்தப் பால் வாளியில் சேரக் கூடாது. துணியை அவிழ்ப்பது வேலையாள் அல்ல, நீங்கள். மருத்துவர் சொன்ன நாள் கணக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது.

படி 4: மீதி வேலைகள், ஒரு வரி வீதம்

தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் மட்டும் போதாது, பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கறவை மாடு ஒரு லிட்டர் பால் கொடுக்க மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கிறது. தொட்டி நாறினால் முதலில் குறைவது பால்தான். சாணி அள்ளுவது, படுக்கும் இடத்தை ஈரமில்லாமல் வைப்பது, பூஞ்சணம் பிடித்த தீவனத்தைத் தனியே ஒதுக்குவது ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதிவிட்டு நகருங்கள்.

படி 5: ஆபத்து அறிகுறிகளை நேரப்படி பிரியுங்கள்

நோய்ப் பெயர்களின் பட்டியல் வேண்டாம். நோயைக் கண்டுபிடிப்பது வேலையாளின் பொறுப்பு அல்ல. எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும். என் தாளில் இந்தப் பகுதி இப்படி இருக்கிறது:

*எந்த நேரமானாலும் உடனே கூப்பிடுங்கள்*
கன்று போட்ட மாடு எழ முடியாமல் படுத்திருந்தால்.
இடது பக்க வயிற்றுப் பள்ளம் மேடாகி, தட்டினால் மத்தளம் போலக் கேட்டால்.
தண்ணீர்க் குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கன்றின் கால் தெரியாவிட்டால்.
கன்று தாயிடமும் குடிக்காமல், எழாமல் கிடந்தால்.

*கறவை முடிவதற்குள் சொல்லுங்கள்*
பாலில் திரி, ரத்தம். மடியில் ஒரு பக்கம் மட்டும் சூடு, கல் போன்ற வீக்கம்.
ஒரு மாடு தீவனம் தொடவில்லை, அல்லது அசை போடவில்லை.
நேற்றைவிடப் பால் திடீரென்று குறைந்தது.
கன்று போட்டு 12 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. கையால் இழுக்காதீர்கள், கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

*நோட்டில் மாட்டு எண்ணும் நேரமும் எழுதுங்கள்*
கண்ணாடி போன்ற வழும்பு தொங்கியது, மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நின்றது.
லேசாக நொண்டியது.

பருவ அறிகுறிக்கு நேரம் ஏன் என்றால், காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது வழக்கம். "நேத்து எப்பவோ பார்த்தேன்" என்றால் 21 நாள் வீணாகும்.

காய்ச்சல் பார்க்கவும் கற்றுக் கொடுங்கள். தெர்மாமீட்டரை ஆசனவாயில் உள் சுவரைத் தொடுமாறு சாய்த்து இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் நலமான மாட்டுக்கும் கொஞ்சம் ஏறும், அதனால் காலை நேர அளவையே நம்புங்கள். காதைத் தொட்டுச் சொல்லும் பழக்கம் காய்ச்சலுக்குச் சரிவராது.

இந்தத் தாள் வேலை செய்த ஒரு விடியற்காலை

மூன்றாம் ஈத்து மாடு ஒன்று பிற்பகலில் நல்லபடியாகக் கன்று போட்டது. மறுநாள் விடிய ஐந்து மணிக்கு வேலையாள் வெறுங்கையோடு சுற்று வந்தபோது அது கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்துப் படுத்திருந்தது. பார்த்தால் தூங்குகிற மாதிரிதான் இருக்கும். தட்டி எழுப்பினார், பின்பக்கத்தைத் தூக்கப் பார்த்துவிட்டு மறுபடியும் சரிந்தது. காது ஜில்லென்று இருந்தது, மூக்கு காய்ந்திருந்தது. முதல் பகுதியின் முதல் வரி. உடனே கூப்பிட்டார்.

இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர், ஆனால் காய்ச்சல் இருக்காது. சீம்பால் சுரக்கும்போது ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து மடிக்கு இறங்கிவிடுவதால் தசைகள் வேலை செய்யாமல் போகின்றன. கன்று போட்ட இரண்டு மூன்று நாளுக்குள்தான் பெரும்பாலும் வரும். மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட, நிறையக் கறக்கும் மாட்டுக்கு அதிகம்.

மருத்துவர் வரும் வரை செய்யக் கூடியது ஒன்று, செய்யக் கூடாதது ஒன்று. மாடு ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டால் வயிற்றில் காற்று சேர்ந்து மூச்சு முட்டும், அதனால் வைக்கோல் அடைத்த சாக்குகளை இருபுறமும் அண்டக் கொடுத்து நெஞ்சின் மேல் நிமிர்ந்து படுக்க வைத்தோம். வாயில் கஞ்சியோ மருந்தோ எதுவும் ஊற்றவில்லை. விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால் ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்விடும். இதையும் தாளிலேயே எழுதியிருந்தேன்: "படுத்த மாட்டின் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள்."

மருத்துவர் வந்து கால்சியத்தை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றினார். பாட்டில் முடியும் முன்பே மாட்டின் உடல் நடுங்கத் தொடங்கியது, ஏப்பம் விட்டது, மூக்கில் வியர்வை துளிர்த்தது, சாணி போட்டது. அரை மணியில் எழுந்து நின்றது. பல மணி நேரம் அப்படியே விட்டிருந்தால், தன் எடையே நசுக்கித் தொடைத் தசையும் நரம்பும் கெட்டிருக்கும். பிறகு கால்சியம் ஏற்றினாலும் எழாது. எழுந்த மாடும் ஓரிரு நாளுக்குள் மறுபடி விழக்கூடும் என்பதால், அன்றும் மறுநாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கச் சொன்னேன்.

படி 6: தாளைக் கொடுக்கும் விதம்

கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முதல் மூன்று நாள் காலைச் சுற்றில் கூடவே நடந்து, "இந்த மாட்டைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். இடது வயிற்றுப் பள்ளத்தில் அவர் கையை வைத்து, நலமான மாட்டில் அது எப்படி இருக்கும் என்று உணர வையுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் மூன்று பகுதிக்கும் மூன்று நிறம் அடித்து, படம் வரைந்து ஒட்டுங்கள்.

தாளின் மேலே உங்கள் எண்ணும் மருத்துவர் எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் எடுக்காவிட்டால் உங்களைக் கேட்காமலே மருத்துவரைக் கூப்பிடலாம் என்றும் எழுதுங்கள். நடு ராத்திரியில் கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று ஆனால், சலித்துக்கொள்ளாமல் "கூப்பிட்டது நல்லது" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு முறை கடிந்துகொண்டால் அடுத்த முறை விடியட்டும் என்று காத்திருப்பார்.

என் கொட்டகையில் இந்தத் தாள் இப்போது நான்காவது பிரதி. கடைசியாகச் சேர்த்த வரியைச் சொன்னது வேலையாள்தான்: "கறுப்புக் கிண்ணத்தைக் கழுவி, கவிழ்த்து, கறவை மேடைப் பக்கத்து ஆணியில் மாட்டவும். தேட வேண்டியிருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்."