கடையைப் பூட்டியாச்சு, பேஜை எப்படிப் பூட்டுறது?

போன மாதம் டிக்கோயாவில் போன் கவர் விற்ற ஒரு தம்பி கடையை மூடினான். ஷட்டரை இறக்கின கையோடு போனை எடுத்து, ஃபேஸ்புக் பேஜை அழிக்கிற இடத்துக்குப் போய்விட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஹட்டனில் என் தையல் கடையை மூடியபோது நானும் இதையேதான் செய்தேன், அதனால்தான்.

கடவுச்சொல்லை மறந்துவிடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விடுவோம். கடையை மூடும்போது நாம் செய்கிற தவறுகள் இவை.

முதல் வேலையாகப் பேஜை அழிப்பது

2022 மின்வெட்டில் மெஷின் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். செப்டம்பரில் கடையை விட்டேன். ஆர்டர் புத்தகத்தில் பெயர் இருந்த எல்லாருக்கும் துணியையும் முற்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். கணக்கு முடிந்தது என்று நினைத்து, செப்டம்பர் இரண்டாம் வாரம் பேஜை அழித்தேன்.

ஆனால் புத்தகம் மட்டும்தான் என் கையில் இருந்தது. மெசெஞ்சரைப் பார்த்தது அக்கா மகன். தீபாவளிக்குப் பிளவுஸ் தைக்க மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பெண்கள் அளவையும் வங்கியில் பணம் போட்ட சிட்டைப் படத்தையும் அவனுக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். "அண்ணே, ஆயிரம் போட்டிருக்கேன், மிச்சம் பத்தாந்திகதி சம்பளத்துல தாரேன்" என்கிற மாதிரி. அவன் "சரி அக்கா" என்று பதில் போட்டான். புத்தகத்தில் எழுதவில்லை.

அழிக்கச் சொன்ன பிறகு ஃபேஸ்புக் 30 நாள் தருகிறது. அதற்குள் மனம் மாறினால் பேஜைத் திரும்ப எடுக்கலாம். தீபாவளி அக்டோபர் 24. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் மூடிய ஷட்டருக்கு முன்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். என் 30 நாள் அதற்குள் முடிந்துவிட்டது. யார் எவ்வளவு போட்டார் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அக்கா மகனுக்குப் பாதிப் பெயர்தான் ஞாபகம். கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்தேன். அதைவிட வலித்தது, பேஜைத் தேடிக் காணாதவர்கள் "டைலர் காசோடு ஓடிட்டான்" என்று டவுன் குழுவில் எழுதியது. பதில் சொல்ல எனக்குப் பேஜும் இல்லை.

இப்போது யார் கேட்டாலும் இந்த வரிசைதான் சொல்கிறேன். முதலில் இன்பாக்ஸில் மூன்று மாதம் பின்னோக்கிக் கையால் தள்ளிப் பாருங்கள். தேடல் கட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். சிட்டை படமாக வந்திருந்தால் "முற்பணம்" என்று தேடினால் அகப்படாது. `Spam` பகுதியையும் திறங்கள், புது ஆட்களின் செய்தி சில நேரம் அங்கே கிடக்கும். பணம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட், கொப்பியில் ஒரு வரி: பெயர், தொகை, திகதி, என்ன பாக்கி.

பிறகு கடையை மூடிய அறிவித்தலைப் பேஜின் உச்சியில் `Pin` செய்யுங்கள். தானியங்கிப் பதிலில் இப்படிப் போடுங்கள்: "கடை மூடியாயிற்று. முற்பணம் கொடுத்தவர்கள் சிட்டைப் படத்தை இங்கே அனுப்புங்கள். டிசம்பர் 31 வரை பதில் தருவோம்." பணம் கட்டிப் பரப்புகிற விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். பேஜை அப்படியே விட்டு, ஒரு பண்டிகையாவது தாண்டட்டும். எங்கள் பக்கம் ஆட்கள் சம்பள நாளிலும் பண்டிகைக்கும்தான் டவுனுக்கு வருவார்கள், ஒரு மாதம் போதாது. அழிப்பது கடைசி வேலை.

திட்டிய கமெண்டை மட்டும் அழிப்பது

வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே யாரிடமோ இருக்கும். கீழே ஒரு வரி பதில் எழுதிவிட்டு நகருங்கள்.

கூகுள் மேப்பை மறப்பது

பேஜ் போனாலும் மேப்பில் கடை திறந்தே இருக்கும். என் கடையைத் தேடி நோர்வூட்டிலிருந்து ஒரு குடும்பம் மழையில் வந்து திரும்பியிருக்கிறது. கூகுள் கணக்கில் கடையின் பக்கத்தை எடுக்கப் போனால் இரண்டு வழி காட்டும். ஒன்று உங்கள் நிர்வாகத்தை மட்டும் விலக்குவது. அதைச் செய்தால் இடம் மேப்பில் அப்படியே நிற்கும், நீங்கள் மட்டும் வெளியே. நீங்கள் தொட வேண்டியது `Permanently closed`. பெயருக்குக் கீழே மூடியது என்று வரும். பழைய விமர்சனங்கள் போகாது. நல்லதும் கெட்டதும் அங்கேயே நிற்கும். உரிமையாளர் அழிக்க முடியாது, விதி மீறியதை முறையிடத்தான் முடியும்.

சிம்மைத் தூக்கிப் போடுவது

ரீலோட் போடாமல் விட்ட நம்பர் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். பெயர்ப்பலகையிலும் பழைய போஸ்டிலும் இருப்பது அந்த நம்பர்தான். உங்கள் வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் பேசப்போவது அவரோடு. முற்பணம் எல்லாம் தீரும் வரை சிம்மில் காசு போட்டு வையுங்கள். நம்பரைக் கைவிடுவதற்கு முன்பே வட்ஸ்அப் கணக்கை நீங்களே அழியுங்கள். அந்த நம்பரை வங்கிக்குக் கொடுத்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள்.

அக்கா மகன் கையில் அட்மின்

கடை திறக்கிற நாளிலேயே உங்கள் பெயரையும் போடுங்கள்.