கடைக்கு மறுபடி வரவைக்கும் மடல்: சின்னப் புத்தகக்கடைக்கான திட்டம்

தள்ளுபடியை நம்பி மின்னஞ்சல் மடல் தொடங்காதீர்கள். "20 சதவீதம் குறைவு" என்று அனுப்பினால், வாசகர் அதே புத்தகத்தின் விலையை இணையத்தில் பார்த்துவிட்டு அங்கேயே வாங்கிவிடுவார். ஆனால் ஒரு பிரதியை அவர் பெயர் எழுதி எடுத்து வைக்க நம்மால் முடியும். அதை வாங்க அவர் நேரில் வந்தாக வேண்டும். மடலை இதைச் சுற்றியே அமைப்போம்.

முகவரி சேர்ப்பது

பில் போடும்போது, "மாதம் ஒரு மடல் அனுப்பலாமா?" என்று கேளுங்கள். நோட்டில் எழுதச் சொன்னால் பாதிக் கையெழுத்து புரியாது. கடை போனில் ஒரு கூகுள் படிவத்தைத் திறந்து, அவரையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கூடவே ஒரே ஒரு கேள்வி: நாவலா, வரலாறா, சிறுவர் நூலா? பழைய பில்களிலிருந்து முகவரிகளை அள்ளிப் போட வேண்டாம். கேட்காமல் வரும் மடலைச் சிலர் ஸ்பாம் என்று குறிப்பார்கள். அப்புறம் கேட்டு வாங்கியவர்களுக்கும் போய்ச் சேராது.

அனுப்பும் ஏற்பாடு

Mailchimp, Brevo போன்ற சேவை போதும். விலக விரும்புபவருக்கான இணைப்பை அதுவே சேர்த்துவிடும். அனுப்புநர் முகவரி மட்டும் கடையின் சொந்த டொமைனில் இருக்கட்டும். மடல் நிஜமாகவே உங்கள் கடையிலிருந்துதான் வருகிறது என்று காட்ட, சேவை தரும் DKIM, DMARC பதிவுகளை டொமைன் அமைப்பில் ஒட்ட வேண்டும். இது ஒரு மதிய வேலை, ஒரு முறைதான்.

மடல் எழுதுவது

ஒரு மடலுக்கு மூன்று புத்தகங்கள் போதும். வரலாறு கேட்டவர்களுக்கு இப்படி எழுதலாம்:

> வைகைக் கரை அகழாய்வு பற்றி ஒரு புத்தகம், நான்கு பிரதிகள் வந்திருக்கின்றன. நடுவில் இரண்டு அத்தியாயம் கொஞ்சம் இழுக்கும். ஆனால் கடைசியில் உள்ள வரைபடங்களுக்காகவே வாங்கலாம். வேண்டுமென்றால் "எடுத்து வையுங்கள்" என்று பதில் போடுங்கள். ஞாயிறு இரவு வரை உங்கள் பெயரில் இருக்கும்.

"இழுக்கும்" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். அதைப் படித்தால்தான் விளம்பரம் இல்லை, கடைக்காரர் பேசுகிறார் என்று தெரியும். பதில்கள் யாராவது தினமும் பார்க்கும் பெட்டிக்கு வர வேண்டும். சம்பளம் வந்த முதல் வாரத்தில், வியாழக்கிழமை காலை அனுப்புங்கள். வார இறுதி பக்கத்திலேயே இருக்கும்.

ஐந்தாவது ஆள் கேட்டால்? பதில் வந்த வரிசைப்படி கொடுங்கள். அவரிடம் அடுத்த கட்டு எப்போது வரும் என்று சொல்லிவிடுங்கள். ஞாயிறு தாண்டியும் வராதவரின் பிரதி திங்கள் காலை அலமாரிக்குத் திரும்பட்டும். ஒருமுறை தயவு பார்த்தால் கெடு கெடுவாகவே இருக்காது.

பலன் பார்ப்பது

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, ஆள் படிக்காவிட்டாலும் திறந்ததாகக் காட்டக்கூடும். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: கேட்டவர், வந்தவர், கூடுதலாக வாங்கியவர். 150 மடல் போய், 9 பேர் கேட்டு, 6 பேர் வந்து, அதில் 4 பேர் இன்னொரு புத்தகமும் எடுத்தால், நான் அதை நல்ல மாதம் என்பேன். மூன்று மாதமும் அதே ஆறு பெயர்களே வந்தால், எந்தப் பிரிவிலிருந்து யாருமே கேட்கவில்லை என்று பாருங்கள். பெரும்பாலும் அது சிறுவர் நூல் பிரிவாக இருக்கும். அங்கே குழந்தையின் வயதைக் கேட்க மறந்திருப்போம்.